டயட், ஓட்டம், எக்செல்: நான் எங்கே நிறுத்தியிருக்க வேண்டும்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. அடுக்ககத்தில் பாதிப் பேர் மேல்மாடி வயசானவங்களுக்குத் தண்ணி கேன் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதே படிக்கட்டில் நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு 40 நிமிடம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தேன். காரணம், அன்றைய 9 கிலோமீட்டர் ஓட முடியவில்லை. கேன் தூக்கியவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற நொடிகளைக்கூட வாட்சில் பாஸ் செய்தேன் என்பது இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு யாராவது "இது உடற்பயிற்சி இல்ல, வியாதி" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் எடை நார்மல், பிஎம்ஐ நார்மல், சர்க்கரை நார்மல், அலுவலகத்தில் எல்லாரும் டிப்ஸ் கேட்கிறார்கள். இதில் என்ன வியாதி?

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆரம்பம் நியாயமானதுதான். 2023 ஜனவரியில் கம்பெனி ஹெல்த் செக்கப்பில் எடை 84 கிலோ (உயரம் 172 செ.மீ.), மூன்று மாத சராசரி சர்க்கரை 6.0, ட்ரைகிளிசரைடு 240. டாக்டர் "பத்து கிலோ குறைங்க, நடங்க" என்றார். சோற்றைக் குறைத்தேன், தினம் 45 நிமிடம் நடந்தேன், சாப்பிட்டதை ஒரு எக்செல் கோப்பில் குறித்தேன். ஜூலையில் 72 கிலோ. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகிவிட்டது. டாக்டரும் "போதும், இப்படியே வெச்சுக்கோங்க" என்றார்.

அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கோப்பில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. 72 வந்ததும் அதை 68 ஆக்கினேன். பிறகு 65. 2024 மார்ச்சில் 61 கிலோவில் இருந்தேன், கட்டத்தில் 59 என்று இருந்தது. ஏன் 59 என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எதற்காக ஆரம்பித்தோமோ அது முடிந்த பிறகும் இலக்கு மட்டும் நகர்ந்துகொண்டே போவது, இந்த விஷயத்தில் நான் பார்த்த முதல் அறிகுறி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு 'ஒழுக்கம்' மாதிரிதான் தெரியும்.

61 கிலோவில் என் பிஎம்ஐ 20.6. எந்த அட்டவணையில் பார்த்தாலும் ஆரோக்கியமான எண். பிரச்சினை என்றால் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பதால்தான் என் மாதிரி ஆட்கள் தப்பித்துக்கொள்கிறோம். 84-லிருந்து 61 என்றால் உடலில் 27 சதவீதம் போயிருக்கிறது. இந்த எண்ணை ஒரு பழைய ஆய்வோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலம். ஐரோப்பாவில் பட்டினி. அந்த மக்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், போருக்குப் போக மனசாட்சி இடம் தராது என்று மறுத்த இளைஞர்களில் 36 பேரை 1944-இல் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் உடலும் மனசும் திடமாக இருப்பதாகச் சோதித்து எடுக்கப்பட்டவர்கள். முதலில் மூன்று மாதம் நல்ல சாப்பாடு, நாளுக்கு 3,200 கலோரி போல. அடுத்த 24 வாரம் அதைக் கிட்டத்தட்ட பாதியாக்கி 1,570 கலோரி அளவுக்குக் கொண்டுவந்தார். கூடவே வாரம் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர், நடக்க வேண்டும். சராசரியாக 69 கிலோ இருந்தவர்கள் 53 கிலோ அளவுக்கு வந்தார்கள். கால்வாசி எடை காலி.

கவனியுங்கள், 1,570 கலோரி என்பது இன்று எந்த டயட் சார்ட்டிலும் சர்வசாதாரணமாக இருக்கும் எண். நான் சாப்பிட்டதும் 1,500. அவர்கள் நடந்தது வாரம் 35 கிலோமீட்டர். நான் ஓடியது 63.

உடம்பு இளைத்ததை விட, அந்த இளைஞர்களின் தலைக்குள் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டில் இருப்பதைக் கலந்து, பிரித்து, ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். காபியும் சூயிங்கமும் கட்டுப்பாடில்லாமல் போனது. கோடையிலும் குளிர்ந்தது. எரிச்சல், தனிமை, மனச்சோர்வு. பெண்கள் மீதான ஆர்வம் மறைந்தது. இதயத் துடிப்பு வெகுவாகக் குறைந்தது. சிலருக்குத் தாங்கள் இளைத்திருப்பதாகவே தோன்றவில்லை, மற்றவர்கள்தான் குண்டாக இருப்பதாகத் தெரிந்தார்கள்!

இவர்களில் யாரும் ஒல்லியாக ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. கலோரி குறைந்ததே அந்த மனநிலையைக் கொண்டுவந்தது. இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரவு 11 மணிக்கு மேல் படுக்கையில் நான் யூட்யூபில் மதுரை கறிதோசை, விருதுநகர் எண்ணெய் பரோட்டா வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு மணி நேரம். அதில் எதையும் சாப்பிடும் உத்தேசம் கிடையாது. சாப்பாட்டுச் செயலிகளில் மெனுவைப் படித்துவிட்டு மூடுவேன். வீட்டில் மற்றவர்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டு, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் என் மன உறுதிக்குச் சான்றாக நினைத்திருந்தேன். உண்மையில் பசித்த மூளை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாளில் எவ்வளவு நேரம் சாப்பாட்டைப் பற்றியே யோசிக்கிறோம் என்பது, தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை விட நல்ல அளவுகோல் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, உடம்புக்கு எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் எரித்ததைக் கழிக்க வேண்டும். மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். இதயம், ஈரல், மூளை, எலும்பு, ஹார்மோன் எல்லாமே அந்த மீதியில்தான் ஓட வேண்டும். என் கோப்பில் அது இவ்வளவுதான்:

```
=(B2-C2)/D2
```

2023 ஜூலையில்: சாப்பாடு 1,900, நடையில் 200, கொழுப்பு நீங்கலாக 56 கிலோ. விடை சுமார் 30. 2024 மார்ச்சில்: சாப்பாடு 1,500, ஓட்டத்தில் 550, கொழுப்பு நீங்கலாக 53 கிலோ. விடை சுமார் 18.

கிலோவுக்கு 45 இருந்தால் உடம்பு தாராளமாக இயங்கும் என்பார்கள். 30-க்குக் கீழே போனால் உடம்பு சிக்கனத்தில் இறங்கும். இந்த 30 எங்கிருந்து வந்தது என்றால், ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் மாதவிடாய் சீராக உள்ள இளம் பெண்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து. அதற்குக் கீழே போனதும் ஐந்தே நாளில் மாதவிடாயை நடத்தும் ஹார்மோனின் தாளம் குலைய ஆரம்பித்தது. ஆண்களுக்கு இந்தக் கோடு எங்கே என்பது அவ்வளவு தெளிவாக இல்லை, கொஞ்சம் கீழே தாங்குவார்கள் போலத் தெரிகிறது. தவிர நாம் சாப்பிட்டதை எழுதும் கணக்கும் வாட்ச் காட்டும் கலோரியும் ரெண்டுமே உத்தேசம்தான். அதனால் 29-க்கும் 31-க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். ஆனால் 18 என்பது எந்தப் பிழையைக் கழித்தாலும் 18 மாதிரிதான் இருக்கும்.

(ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே எண்களில் சிக்கிக் கிடப்பவர்கள் இந்தக் கணக்கைத் தினமும் போட வேண்டாம். இன்னொரு கட்டம் சேர்ந்ததுதான் மிச்சமாகும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.)

சிக்கனத்தில் இறங்கிய உடம்பு எதை முதலில் வெட்டும்? உயிரோடு இருக்க அவசரமாகத் தேவைப்படாததை. இனப்பெருக்கம், சூடு, எலும்பு, முடி. பெண்களுக்கு இதில் ஒரு தெளிவான மணி அடிக்கும்: மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றுபோகும். 'நிறைய ஓடுற பொண்ணுங்களுக்கு அது சகஜம்' என்று பயிற்சியாளர்களே சொல்வதுண்டு. சகஜமாக இருக்கலாம், சரியானது இல்லை. தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால், கர்ப்பம் இல்லையென்று உறுதியானபின், காரணம் தேடியே ஆக வேண்டும், ஏனென்றால் அதே நேரத்தில் எலும்பும் கரைந்துகொண்டிருக்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு வருவதால் இந்த மணி கேட்காமலே போய்விடும்.

ஆண்களுக்கு மணி கொஞ்சம் மெதுவாக அடிக்கிறது, வெளியே சொல்லவும் மாட்டோம். காலையில் இயல்பாக இருக்க வேண்டிய விறைப்பு எனக்கு எந்த மாதத்திலிருந்து இல்லை என்று டாக்டர் கேட்டபோது யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு. அலுவலக ஏசியில் ஸ்வெட்டர். குளிக்கும்போது கையோடு முடி. மலச்சிக்கல். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் சுரீரென்று வலி. அதோடும் ஓடினேன்.

இதில் என்னை அதிகம் ஏமாற்றியது இதயத் துடிப்பு. வாட்ச் ஓய்வுநேரத் துடிப்பு 44 என்று காட்டியது. ஓட்டப்பந்தய வீரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்ததால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டேன். பயிற்சியால் இதயம் வலுத்தாலும் துடிப்பு குறையும், பட்டினியில் சிக்கனம் பிடித்தாலும் குறையும். எண் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க மற்ற சேதிகள் வேண்டும். வேகம் கூடிக்கொண்டே வந்து, தூக்கம் நன்றாக இருந்து, உடம்பு கதகதப்பாக இருந்தால் முதல் வகை. எனக்கு ஐந்து மாதமாக வேகம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது.

பிறகு, விதிகள். காலை 5:10-க்கு ஓட்டம், இரவு 7-க்கு மேல் எதுவும் இல்லை, வெளியே எண்ணெய் கூடாது, எதையும் எடை போடாமல் சாப்பிடக் கூடாது. இவற்றில் எதுவுமே தனியாகப் பார்த்தால் தப்பில்லை. விதி மீறப்படும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரில் அத்தை பேத்தி கல்யாணத்துக்கு கிச்சன் தராசோடு போனேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, நகை எடை போடவா வந்திருக்க?" என்றார். பந்தியில் உட்காராமல் டப்பாவில் கொண்டுபோன முட்டையைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த முறை ஒரு கல்யாணத்துக்குப் போகவே இல்லை.

இப்போது யாராவது "நான் ஓவரா போறேனா?" என்று கேட்டால் நான் சொல்லும் ஒரே சோதனை இதுதான்: ஒரு நாள் பயிற்சியை விடுங்கள், அன்றைக்கு எடையும் பார்க்காதீர்கள், வீட்டில் என்ன சமைத்தார்களோ அதையே சாப்பிடுங்கள். சும்மா கொஞ்சம் எரிச்சலாக இருந்தால் பரவாயில்லை. பதற்றம், குற்ற உணர்ச்சி, மறுநாள் இரண்டு மடங்கு ஓடி ஈடுகட்டும் திட்டம் வந்தால் கவனியுங்கள். 'என்னால முடியும், ஆனா இந்த வாரம் வேண்டாம்' என்று ஒத்திப்போட்டாலும் கவனியுங்கள். நான் நாலு மாதம் ஒத்திப்போட்டேன்.

டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு சின்னக் கேள்வித்தாளும் உண்டு. 1999-இல் பிரிட்டனில் உருவானது, ஸ்காஃப் என்பார்கள். ஐந்தே கேள்வி. வயிறு முட்டினாற்போல் இருக்கிறது என்று வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலை உண்டா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போது நீங்கள் உங்களைக் குண்டாக நினைக்கிறீர்களா? சாப்பாடு உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வீர்களா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதுவே நோய் என்ற முடிவு இல்லை. எனக்குக் கடைசி இரண்டும் ஆமாம்.

என்னை நிறுத்தியது இந்தக் கேள்வித்தாள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் மகளுக்கு அப்போது 13 வயது. தட்டில் மூன்று இட்லி. "அப்பா, ஒரு இட்லி எவ்ளோ கலோரி?" என்றாள். எனக்குத் தெரியும், சொன்னேன். அவள் ஒன்றை எடுத்து ஹாட்பாக்ஸில் திருப்பி வைத்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். "உங்களுக்காகத்தான் வர மாட்டீங்க. இவளுக்காகவாவது நாளைக்கு டாக்டர்கிட்ட வாங்க."

அதற்கு முன்னால் நானே சரிசெய்ய ஒரு தடவை முயன்று தோற்றிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் 300 கலோரி கூட்டுவதாகத் திட்டம். பத்தே நாளில் 2 கிலோ ஏறியது. பயந்துபோய் 1,300-க்கு இறங்கிவிட்டேன். அந்த 2 கிலோ கொழுப்பே இல்லை. காலியாகிக் கிடந்த தசையும் ஈரலும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். முதல் இரண்டு வாரத்தில் எடை சட்டென்று ஏறுவது எதிர்பார்த்ததே. இது முன்கூட்டித் தெரியாததால் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பி ஓடிவிடுகிறார்கள்.

டாக்டர் முதலில் எழுதியது ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பரஸ், மக்னீசியம், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன். ஈசிஜியில் துடிப்பு மெதுவாக இருந்தது, மற்றபடி ஆபத்தில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு. தைராய்டில் டிஎஸ்ஹெச் சரியாகவே இருந்தது, டி3 மட்டும் குறைவு. அது தைராய்டு நோய் இல்லை, பசித்த உடம்பு அடுப்பைத் தணிப்பது. மாத்திரை வேண்டாம், சாப்பாடுதான் மருந்து என்றார். காலை ஸ்கேன் எடுத்ததில் முன்னெலும்பில் மயிரிழை விரிசல். ஓட்டம் நின்றது. பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார், அவர் வழியாக ஒரு உளவியலாளர்.

உளவியலாளர் செய்தது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது டெஸ்ட் கேஸ் எழுதுவது மாதிரி. ஒரு விதியை மீறுவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறேனோ அதை எழுத வேண்டும், மீறிய பிறகு என்ன ஆனது என்பதை எழுத வேண்டும். 'இரவு 8:30-க்கு இரண்டு சப்பாத்தி குருமா. எதிர்பார்ப்பது: நாளை ஒரு கிலோ ஏறும், கட்டுப்பாடு போய்விடும்.' நடந்தது: தூக்கம் 3 மணிக்குக் கலையவில்லை. நேரம் தவறாமல் மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி. எடைக் கருவி மனைவியின் பீரோவில். பசி மட்டும் சில மாதம் அடங்கவே இல்லை. மினசோட்டா இளைஞர்களுக்கும் கட்டுப்பாடு முடிந்த பிறகு வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை என்பதைப் படித்திருந்ததால் பயம் கொஞ்சம் குறைந்தது.

நீங்களாகவே தளர்த்திப் பார்ப்பது எதுவரை சரி, எப்போது உடனே போக வேண்டும்? விதிகள் இறுகுகின்றன, உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் இரண்டு, மூன்று வாரம் நீங்களே தளர்த்திப் பாருங்கள். முடியாவிட்டால் அதுவே பதில். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஓய்வில் 40-க்குக் கீழே துடிப்பு, வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை, வேகமாகச் சரியும் எடை, சாக வேண்டும் என்ற எண்ணம், இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனை. பத்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்கள் வீட்டிலேயே திடீரென்று வயிறாரச் சாப்பிடுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம், மருத்துவக் கண்காணிப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும். மனநல மருத்துவரை எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவுகூட பொறுக்க வேண்டாம். வளரும் வயதில் எடை குறையத் தேவையில்லை, ஏற வேண்டியது ஏறாமல் நின்றாலே அது அறிகுறி. எங்கள் மகளின் உயர, எடைப் பதிவுகளைக் குழந்தை மருத்துவர் பார்த்தார், வரைகோட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் இலக்கச் சொல் எதுவும் பேச வேண்டாம், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்.

நான் இப்போது 69 கிலோ போல இருக்கலாம், கடைசியாகப் பார்த்தது ஹெல்த் செக்கப்பில். சர்க்கரை சராசரி 5.6. வாரம் மூன்று நாள் ஓடுகிறேன், வாட்ச் இல்லாமல். மழை வந்தால் திரும்பி வந்துவிடுகிறேன். திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் அரிக்கத்தான் செய்கிறது.